பாவித்த லீஃப் காரின் பற்றரியை வாங்குவதற்கு முன் நீங்களே சோதிப்பது எப்படி?

2015 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து இலங்கைக்கு நிசான் லீஃப் கார்கள் நிறைய வந்து இறங்கின. அவை இன்று மூன்றாவது, நான்காவது கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பார்?" என்றுதான். மீட்டர் திரையின் வலது ஓரத்தில் சார்ஜ் அளவுக்குப் பக்கத்தில் மெல்லிய 12 கோடுகள் இருக்கும். பற்றரி தேயத் தேய அவை ஒவ்வொன்றாக மறையும். போன மாதம் சித்தப்பா ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, 9 பாராம், எடுக்கலாமோ?" என்று கேட்டார். பாரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நேரில் போய்ப் பார்ப்போம் என்றேன். அன்று என்னென்ன செய்தோமோ அதையே வரிசையாக எழுதுகிறேன். கார் 24 கிலோவாட் மணி பற்றரி உள்ள 2014 மாடல் லீஃப். வேறு கார் வைத்திருப்பவர்களுக்குச் செயலியும் எண்களின் பெயர்களும் மாறும், சோதிக்கும் முறை பெரிதாக மாறாது.

முதலில் தேவையான பொருட்கள். ஒன்று, ELM327 வகைப் புளூடூத் அடாப்டர். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, 16 முனைகளோடு இருக்கும். இரண்டு, போனில் LeafSpy செயலி. Lite, Pro என்று இரண்டு வகை உண்டு. பற்றரியைப் பார்க்க மட்டும் என்றால் Lite போதும். Pro வகையில் Service என்று ஒரு பக்கம் இருக்கிறது. அது காரின் அமைப்புகளையே மாற்றக்கூடியது, அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

அடாப்டர் வாங்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை வகையைத்தான் வாங்க வேண்டும். பழைய புளூடூத் வகை ஐபோனோடு சேராது. ஆன்ட்ராய்டில் இரண்டுமே வேலை செய்யும். மிக மலிவான போலி அடாப்டர்கள் சில கட்டளைகளைப் புரிந்துகொள்வதில்லை. இணைந்துவிட்டது போலக் காட்டும், ஆனால் எண்கள் வராது, அல்லது பாதி செல்களுக்கு மட்டும் வந்துவிட்டு நின்றுவிடும். அப்படி நடந்தால் காரில் கோளாறு என்று நினைக்காதீர்கள். வேலை செய்வதாகத் தெரிந்த இன்னொரு லீஃபில் அதே அடாப்டரைச் செருகிப் பார்த்தால் குறை எதில் என்று தெரிந்துவிடும். கார் பார்க்கப் போகும் நாளுக்கு முன்பே யாராவது தெரிந்தவரின் லீஃபில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. விற்பவர் பக்கத்தில் நிற்கும்போது புளூடூத்தோடு மல்லுக்கட்டினால் பதற்றத்தில் பாதி விஷயம் மறந்துபோகும்.

இணைப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில் அடாப்டர் செருகும் துவாரம் இருக்கிறது. குனிந்து போன் வெளிச்சத்தில் தேடினால் தெரியும். ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் குறுகலாகவும் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு காரை READY நிலைக்குக் கொண்டுவாருங்கள், கியர் P இல் இருக்கட்டும். கார் அணைந்திருந்தால் செயலிக்கு ஒன்றும் வராது.

பழைய புளூடூத் வகை என்றால் போனின் அமைப்புகளில் போய் அடாப்டரைச் சோடி சேர்க்க வேண்டும். கடவு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. லோ எனர்ஜி வகைக்கு இது தேவையில்லை, செயலிக்குள் போய் நேரடியாகத் தெரிவு செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் போன் அமைப்புகளில் சோடி சேர்த்துவிட்டு, "இணையவில்லை" என்று அரை மணி நேரம் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் செயலியின் அமைப்பில் காரின் ஆண்டைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். வெப்பநிலையைச் செல்சியஸுக்கும் தூரத்தைக் கிலோமீட்டருக்கும் மாற்றிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில விநாடிகளில் திரையில் 96 குச்சிகள் வரிசையாக எழும்பும், கீழே எண்கள் ஓடும்.

கீழே ஓடும் எண்கள்

சித்தப்பா பார்த்த காரில் வந்தவை இவை: AHr 45.9, SOH 70%, Hx 58%, SOC 82%.

AHr என்பது பற்றரி இப்போது எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கும் என்று காரின் கணினி போட்டு வைத்திருக்கும் கணக்கு. அலகு ஆம்பியர் மணி. இந்த வகை லீஃப் புதிதாக இருக்கும்போது இது ஏறத்தாழ 65, 66 இருக்கும். 45.9 ஐ 65.6 ஆல் வகுத்தால் 0.70 வரும். அதுதான் SOH, பற்றரியின் ஆரோக்கியம். ஆக, இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மீட்டர் திரையின் பார்களும் இதிலிருந்தே வருகின்றன. SOH 85% ஐ ஒட்டிக் கீழே இறங்கும்போது முதல் பார் போகும். அதன் பிறகு ஏறத்தாழ ஒவ்வொரு 6% குறைவுக்கும் ஒவ்வொரு பார் மறையும். 72% க்கும் 66% க்கும் இடையில் இருந்தால் 9 பார். விற்பவர் சொன்ன 9 பார் உண்மைதான். ஆனால் 72% காரும் 67% காரும் அதே 9 பாரைத்தான் காட்டும் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது காரில் அடுத்த பார் போக அதிக நாள் எடுக்காது.

Hx பற்றரியின் உள் தடையோடு தொடர்புடையது. இது குறையக் குறைய உள் தடை கூடுகிறது என்று பொருள். உள் தடை கூடின பற்றரி வேகமெடுக்கும்போது அதிகம் சூடாகும், மின்னழுத்தமும் அதிகம் விழும். SOH ஐ விட Hx குறைவாக இருப்பது பழைய லீஃபில் வழமைதான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். SOC என்பது இப்போது இருக்கும் சார்ஜ். Gids என்றும் ஒரு எண் வரும். ஒரு Gid ஏறத்தாழ 77.5 வாட் மணி. புதுக் கார் முழு சார்ஜில் 281 காட்டும். கடைசி வரியில் எத்தனை தடவை வேக சார்ஜ் செய்தார்கள், எத்தனை தடவை வீட்டில் சார்ஜ் செய்தார்கள் என்ற கணக்கும் இருக்கும். கார் எப்படிப் பாவிக்கப்பட்டது என்று ஊகிக்க அது உதவும், அவ்வளவுதான்.

SOH ஒரு அளவீடு அல்ல, கணிப்பு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரின் கணினி பற்றரியை முழுதாக வடித்துப் பார்த்து இந்த எண்ணைச் சொல்வதில்லை. போகிற வருகிற மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் பார்த்துச் சொல்கிறது. அதனால் பாவிக்கும் விதத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்கும். அந்தக் கணிப்பு மொத்தமாகவே பிழைத்ததும் உண்டு. 30 கிலோவாட் மணி லீஃபில் SOH மிக வேகமாக விழுவதாக நியூசிலாந்தில் உரிமையாளர்கள் கவனித்தார்கள். பிறகு 2018 இல் நிசான் அந்தக் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. கணினி பற்றரியை உள்ளதை விட மோசமாகக் கணித்துக்கொண்டிருந்தது. 30 கிலோவாட் மணி கார் பார்க்கிறீர்கள் என்றால் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள்.

96 குச்சிகள்

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துக்காகவே அடாப்டர் வாங்கலாம். 24 கிலோவாட் மணி பற்றரிக்குள் 48 மொட்யூல்கள். ஒவ்வொன்றிலும் 4 செல்கள், மொத்தம் 192. அவை இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து, 96 சோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குச்சியும் ஒரு சோடியின் அழுத்தம். சங்கிலி போலத் தொடுத்திருப்பதால் ஒரு சோடி பலவீனமாக இருந்தாலே போதும், மற்ற 95 நன்றாக இருந்தும் கார் அந்த ஒன்றுக்காக நின்றுவிடும். SOH முழுப் பற்றரிக்கும் ஒரே எண் என்பதால் இந்தக் குறையை அதில் காண முடியாது.

புதியவர்கள் இங்கே இரண்டு விதமாகப் பயந்துவிடுகிறார்கள். ஒன்று, சில குச்சிகள் சிவப்பாக இருக்கும். சிவப்பு என்றால் பழுது என்று அர்த்தமல்ல, அந்தச் சோடியின் சமப்படுத்தும் சுற்று அப்போது வேலை செய்கிறது, அவ்வளவே. மற்றது, குச்சிகள் மலையும் பள்ளமுமாகத் தெரியும். செயலி சிறிய வித்தியாசத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. குச்சியின் உயரத்தைப் பார்க்காதீர்கள், Min, Avg, Max எண்களையும் பக்கத்தில் மில்லிவோல்ட்டில் வரும் வித்தியாசத்தையும் பாருங்கள்.

அந்தக் காரில் 82% சார்ஜில், நிறுத்தி வைத்திருக்கும்போது, வித்தியாசம் 18 மில்லிவோல்ட். அழகாக இருந்தது. விற்பவரும் "பாருங்கோ, செல் எல்லாம் ஒரே மட்டம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சார்ஜ் நிறைய இருக்கும்போது கெட்ட சோடியும் நல்ல சோடி போலத்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போது அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று தெரியாதது மாதிரி. சார்ஜ் குறைந்த நிலையில், காரை வேகமெடுக்கும்போதுதான் உண்மை வெளியே வரும்.

அதனால் ஒரு நீண்ட ஓட்டம் கேட்டு வாங்குங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் இருந்து போனைப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது. நாங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு சுன்னாகத்திலிருந்து பருத்தித்துறைப் பக்கமாகச் சுற்றினோம். SOC 20% க்குக் கீழே வந்ததும் வாகனம் இல்லாத நேரான பாதையில் சித்தப்பா சில விநாடிகள் நன்றாக மிதித்தார். சராசரி 3.48 வோல்ட்டுக்கு இறங்கியது. 37 ஆம் சோடி மட்டும் 3.24 க்குப் போனது. வித்தியாசம் 240 மில்லிவோல்ட். காலை எடுத்ததும் அது மெதுவாக மேலே வந்தது. இரண்டு தடவை திரும்பச் செய்தோம், இரண்டு தடவையும் அதே 37. தற்செயல் என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சோடி கீழே வரும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மொட்யூல் பலவீனமாகிவிட்டது.

இந்த நிலையில் எத்தனை மில்லிவோல்ட் வரை பரவாயில்லை? நான் வைத்திருக்கும் கணக்கு இது. குறைந்த சார்ஜில் மிதிக்கும்போது எல்லாச் சோடிகளும் ஒன்றாக இறங்கி, வித்தியாசம் 100 க்குள் நின்றால் மனம் அமைதி. ஒரு சோடி மட்டும் 200 ஐத் தாண்டித் தனியாக விழுந்தால், திருத்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். இடையில் இருந்தால் எந்தச் சோடி என்று குறித்துக்கொண்டு இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள். எப்போதும் SOC எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் மில்லிவோல்ட் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

எண் அளவுக்கு மீறி நன்றாக இருந்தால்

சித்தப்பாவுக்கு முதலில் காட்டப்பட்டது வேறொரு கார். அதே வயது, 12 பார், SOH 99%, விலையும் கூட. கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. லீஃப் பற்றரிக்குக் குளிரூட்டும் அமைப்பு கிடையாது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து வெயிலில் 2012 இலேயே உரிமையாளர்கள் பார்களை இழக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வெயிலில் பத்து வருடம் ஓடிய பற்றரி புதிது போல இருக்க ஒரே வழி, பற்றரியையே மாற்றியிருக்க வேண்டும். அதற்கு ரசீது இருக்கும். ரசீது இல்லையென்றால், கணினியின் நினைவில் இருக்கும் தேய்மானக் கணக்கை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்ததும் கணினி தன் பற்றரி புதிது என்று நம்பும், பார்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும். வாரக்கணக்கில் ஓடிய பிறகு மறுபடி மெல்ல மெல்ல உண்மைக்கு இறங்கும். அதற்குள் கார் உங்கள் வாசலில் நிற்கும்.

இதற்கு ஒரு அடையாளம், ஓட்டும்போது சதவீதம் முதலில் மெதுவாகக் குறைந்து, பாதிக்குக் கீழே வந்ததும் திடீரென்று பத்து, பதினைந்து சதவீதம் ஒரேயடியாக விழுவது. இன்னும் உறுதியான வழி, காரின் கணினியைக் கேட்காமல் வீட்டு மின்சார மீட்டரைக் கேட்பது. செயலியில் SOC 15% வரும்வரை காரை ஓட்டுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் எண்ணை எழுதிக்கொண்டு முழுதாக சார்ஜ் செய்யுங்கள். எத்தனை யூனிட் போனது என்று பாருங்கள். ஒரு யூனிட் என்பதும் ஒரு கிலோவாட் மணி என்பதும் ஒன்றுதான்.

புது லீஃபில் பாவிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 21.5 யூனிட். SOH உண்மையிலேயே 99% என்றால் 15% இலிருந்து முழுதாக நிரப்பப் பற்றரிக்குள் 18 யூனிட் போக வேண்டும். சார்ஜ் செய்யும்போது 13% போல வெப்பமாக வீணாகும் என்று வைத்தால் மீட்டரில் 20 அல்லது 21 யூனிட் ஓட வேண்டும். 15 யூனிட்டோடு சார்ஜ் நின்றுவிட்டால் அது 70% பற்றரி, திரையில் என்ன காட்டினாலும் சரி. வீணாகும் அளவு சார்ஜரைப் பொறுத்து மாறும் என்பதால் இந்தக் கணக்கை வைத்து 70 ஆ 73 ஆ என்று சண்டை பிடிக்க முடியாது. 70 ஆ 99 ஆ என்று பிரித்துவிடலாம். அந்த 12 பார் காரை ஒரு இரவு வீட்டில் வைத்து சார்ஜ் செய்து பார்க்கக் கேட்டோம். விடமாட்டேன் என்றார்கள். நாங்களும் விட்டுவிட்டோம்.

70% என்றால் எவ்வளவு தூரம்?

புதிதில் 21.5 யூனிட், அதில் 70% என்றால் 15. சார்ஜ் அடியோடு தீரும்வரை ஓட்ட முடியாது, 2 யூனிட்டைக் கையிருப்பாக வைத்துக்கொள்வோம். மீதி 13. ஏசியோடு நிதானமாக ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 6.5 கிலோமீட்டர் கிடைக்கும். ஆக 80 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்ச் சேரலாம். சார்ஜ் செய்யாமல் அங்கிருந்து திரும்பி வர முடியாது. சித்தப்பாவின் ஓட்டம் சுன்னாகம், யாழ்ப்பாணம், சந்தை, கோயில் என்று ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டாது. அவருக்கு 70% தாராளம். வாரத்துக்கு இரண்டு தடவை வவுனியா போகிறவர் இதே காரை வாங்கினால் கஷ்டப்படுவார்.

பிரச்சினை 37 ஆம் சோடியில்தான் இருந்தது. அதை அப்படியே விட்டால் 80 கிலோமீட்டர் கணக்கு பொய்யாகிவிடும். சார்ஜ் 20% மிச்சம் காட்டும்போதே அந்தச் சோடி அடிமட்டத்தைத் தொட்டு, கார் வேகத்தைக் குறைத்து ஆமைக் குறியீட்டைக் காட்டிவிடும். திரையின் படங்களையும் SOC ஐயும் விற்பவரிடம் காட்டினோம். ஒரு மொட்யூல் மாற்றும் செலவைக் கழித்து விலை முடிந்தது. பற்றரிப் பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு நெருங்கிய அழுத்தம் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே திறக்க வேண்டிய வேலை அது, வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். மாற்றும் மொட்யூலும் மிச்சமுள்ளவற்றின் அளவுக்கு ஒத்த தேய்மானத்தோடு இருக்க வேண்டும் என்று வேலைத்தளத்தில் சொல்லி வைத்தோம். வயது பொருந்தாத மொட்யூலைப் போட்டால் அது மற்றவற்றோடு சேர்ந்து ஏறி இறங்காது, குச்சிகள் மறுபடி கலையும்.

வேலை முடிந்த பிறகு அதே பாதையில், அதே 20% க்குக் கீழே, மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மிதிக்கும்போது வித்தியாசம் 65 மில்லிவோல்ட். 37 கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. SOH அன்றும் 70% தான். சித்தப்பா அடாப்டரைக் கழற்றிக் கையுறைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். செருகியபடியே விட்டால் சின்ன 12 வோல்ட் பற்றரியை அது மெல்ல மெல்லக் குடித்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.